மூன்று கொட்டேஷன், மூன்று போட்டோ: முறுக்குக் கம்பி வாங்கிய கணக்கு

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்ப் படிப்பகத்துக்கு மேல்தளம் போட முடிவானதும் இன்ஜினியர் ஒரு பட்டியல் கொடுத்தார்: 8 எம்.எம். கம்பி 900 கிலோ, 12 எம்.எம். 1,200 கிலோ, 16 எம்.எம். 600 கிலோ, எல்லாம் எஃப்.இ. 500டி ரகம். மொத்தம் 2,700 கிலோ. கமிட்டியின் பழைய வழக்கப்படி மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டும். பொருளாளர் என்ற முறையில் அது என் தலையில் விழுந்தது. நான் என் அக்கா மகன் தலையில் வைத்தேன். அவனுக்குப் பைக்கும் போனும் இருக்கிறது, எனக்கு முட்டுவலி இருக்கிறது.

திருநெல்வேலியில் ஒரு கடை, அம்பாசமுத்திரத்தில் ஒன்று, தென்காசியில் ஒன்று. மூன்றிலும் தாளை வாங்கிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். கையோடு ஒரு அட்டவணையும் வந்தது. திருநெல்வேலி 1,44,450. அம்பை 1,73,549. தென்காசி 1,77,024. "மாமா, திருநவேலிக்காரர் 29,000 ரூவா கம்மி. முடிச்சிருவோமா?" என்று கீழே ஒரு வரி.

முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கம்பி வியாபாரத்தில் அப்படி நடக்காது. ஒரே ஜில்லாவைச் சுற்றியுள்ள மூன்று கடைகளும் ஏறக்குறைய ஒரே ஆலைகளின் சரக்கைத்தான் விற்கின்றன. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வரலாம், ஐந்தில் ஒரு பங்கு வராது. கம்பிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இரண்டு கொட்டேஷனுக்கு இடையே 18-ஐ ஒட்டி ஒரு இடைவெளி வந்தால், ஒன்றில் வரி சேர்ந்திருக்கிறது, இன்னொன்றில் சேரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

திருநெல்வேலிக் கடையின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அடித்த தாள், எழுத்து பளிச்சென்று இருக்கிறது. மூன்றில் அதுதான் நல்ல படம் என்று தோன்றும். ஆனால் மூன்று வரிப் பொருளுக்குக் கீழே கூட்டுத்தொகை, அதற்குக் கீழே ஒரு வரியின் மேல்பாதி மட்டும், அத்தோடு படம் முடிந்துவிட்டது. தாளின் கீழ் மூலைகள் இரண்டும் படத்தில் இல்லை. பையன் பார்த்தது கூட்டுத்தொகையை, அதை மொத்தம் என்று எடுத்துக்கொண்டான். மங்கலான படம் என்றால் நாமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கவனமாகப் படிப்போம். தெளிவாக இருந்து ஓரம் அறுபட்ட படத்தில் ஒன்று குறைகிறது என்ற நினைப்பே வராது. அதனால் இப்போதெல்லாம் போட்டோ வந்ததும் முதலில் நான்கு மூலைகளை எண்ணுகிறேன். அப்புறம்தான் எழுத்து.

அன்று இரவு உட்கார்ந்து அட்டவணையை முதலில் இருந்து எழுதினோம். ஒவ்வொரு கடைக்கும் பொருள், அளவு, அலகு, விலை, தொகை, வரி, வண்டி, கொட்டேஷன் தேதி, எத்தனை நாள் செல்லும், பணம் எப்போது என்று பத்துக் கட்டங்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் அப்படியே இதில் எழுத வேண்டும். நாமாகக் கணக்குப் போட்டது எதுவும் இதில் வரக்கூடாது, அதற்கு வேறு ஷீட். இது பையனுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு கம்பி 308-ன்னு போட்டுருக்கு, கிலோவுக்கு மாத்தித்தான மாமா எழுதணும்" என்றான். மாற்றத்தான் வேண்டும், ஆனால் பிறகு. மாற்றிய எண்ணை மட்டும் எழுதிவைத்தால், நாளைக்குக் கடைக்காரர் "நான் அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி" என்று சொல்லும்போது காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

காலிக் கட்டங்களில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. பையன் காலியாக இருந்த இடத்தை எல்லாம் தானாக நிரப்பியிருந்தான். வண்டி வாடகை கண்ணில் படாத இடத்தில் பூஜ்யம், எத்தனை நாள் செல்லும் என்று தெரியாத இடத்தில் 7 நாள் என்று. கேட்டால், தென்காசிக்காரர் 7 நாள் போட்டிருந்தாராம், மற்றவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும் என்றான். அதை எல்லாம் அழித்தோம். காலியை இரண்டு வகையாகப் பிரித்தோம். தாள் முழுவதும் தெரிகிறது, ஆனால் கடைக்காரர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் "எழுதவில்லை". தாளின் ஒரு பகுதி அறுந்தோ மடிந்தோ நிழலிலோ இருக்கிறது என்றால் "படத்தில் தெரியவில்லை". முதல் வகைக்குக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும், இரண்டாவதற்கு மறுபடி போட்டோ எடுத்தால் போதும். இரண்டையும் ஒரே கோடு போட்டு விட்டுவிட்டால் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

அம்பைக் கடையின் தாள் லெட்டர்பேடில் கையால் எழுதியது. பைக் சீட்டில் வைத்து எடுத்த படம், குறுக்கே பையனின் நிழல். போனில் உள்ள எழுத்தை எடுக்கும் செயலியில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான். 308/- என்று அவர் போட்ட இடத்தில் சாய்கோடு ஒன்றாகி 3081 என்று வந்திருந்தது. கம்பெனிப் பெயருக்குக் கீழே 'மேற்படி' என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போட்டிருந்தார், அது 11 ஆகிவிட்டது. அச்சடித்த தாளுக்கு அந்தச் செயலி பரவாயில்லை. கையெழுத்துக்கு அதை நம்பினால், படிப்பதற்கு ஆகும் நேரத்தைவிடத் திருத்துவதற்கு அதிக நேரம் ஆகும்.

12 எம்.எம். வரியின் விலையில் கண்ணுக்கே தகராறு வந்தது. எனக்கு 671 என்று தெரிந்தது. பையன் 617 என்றான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து 677 என்றாள். இந்த மாதிரி இடத்தில் ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது. தாளிலேயே விடை இருக்கிறது. எண்ணிக்கை 113, தொகை 76,501, இவை இரண்டும் தெளிவாக இருந்தன. 113-ஐ 617-ஆல் பெருக்கினால் 69,721. 671-ஆல் பெருக்கினால் 75,823. 677-ஆல் பெருக்கினால்தான் 76,501. அக்கா சொன்னதுதான் சரி. ஷீட்டில் எண்ணிக்கை B-யிலும் விலை C-யிலும் தொகை D-யிலும் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுவிடலாம்:

```
=ROUND(B2*C2,2)=D2
```

FALSE என்று வந்தால் நாம் தப்பாகப் படித்திருக்கிறோம், அல்லது கடைக்காரர் தப்பாகப் பெருக்கியிருக்கிறார். இரண்டும் நடக்கும். அந்த வரியை யாரிடமாவது கேட்காமல் விடக்கூடாது, அவ்வளவுதான். எண்ணிக்கை, விலை, தொகை மூன்றில் ஒன்று மங்கலாக இருந்தால் மற்ற இரண்டில் இருந்து அதை மீட்கலாம். இரண்டு மங்கலாக இருந்தால் மீட்க முடியாது, மறுபடி படம் எடுப்பதுதான் வழி.

தென்காசித் தாளில் இதே பெருக்கல் வேறு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அங்கே விலை டன்னுக்கு. 8 எம்.எம். 55,200, மற்ற இரண்டும் 53,800. வரிகள் எல்லாம் சரியாகப் பெருகின. கூட்டினால் 1,46,520. அதற்கு 18 சதவீத வரி சேர்த்தால் 1,72,894. ஆனால் தாளின் அடியில் மொத்தம் 1,77,024 என்று இருக்கிறது. 4,130 ரூபாய் இடிக்கிறது. கடைக்காரர் தப்பாகக் கூட்டியிருக்கிறார் என்று பையன் சந்தோஷப்பட்டான். எனக்கு அந்த 4,130 உறுத்தியது. 1.18-ஆல் வகுத்தால் 3,500 என்று முழு எண்ணாக வருகிறது. யாரோ 3,500 ரூபாய்க்கு ஏதோ ஒன்றைச் சேர்த்து, அதற்கும் வரி போட்டிருக்கிறார்கள். "தாளுக்குப் பின்னால ஏதாவது இருந்துச்சாலே?" என்று கேட்டேன். இருந்திருக்கிறது. இவன் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில்தான் லாரி வாடகை, பணம் கொடுக்க 15 நாள் தவணை, கம்பி ரகம் எல்லாம் இருந்தன. விற்கிறவரே சரக்கோடு சேர்த்து வாடகையையும் பில்லில் போட்டால், சரக்குக்கு உள்ள வரிவிகிதமே வாடகைக்கும் வரும். அதனால்தான் அந்த எண் அவ்வளவு சுத்தமாக வகுபட்டது.

மறுநாள் போய் மூன்று தாளையும் புதிதாகப் படம் எடுத்து வந்தான். மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, பின்பக்கம் காலியாக இருந்தாலும் அதையும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பெரிதாக்கும்போது 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

திருநெல்வேலித் தாளின் அறுந்த பகுதி இப்போது கிடைத்தது. வரி 18 சதவீதம் தனி. ஏற்றுக்கூலி டன்னுக்கு 300 ரூபாய், அதுவும் பில்லில். லாரி நம் பொறுப்பு, கடையில் இருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முழுப் பணமும் முன்பணமாக. 3 நாள் செல்லும். எங்கள் ஊர் வரை லாரிக்கு 3,200 என்று விசாரித்து வைத்தோம். எல்லாம் சேர்ந்தால் 1,74,607. பையன் சொன்ன 29,000 லாபம் காணாமல் போய், அம்பைக் கடையைவிட ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று ஆகிவிட்டது.

வரியைச் சேர்த்து ஒப்பிட்டது எங்களுக்குச் சரி. படிப்பகக் கமிட்டிக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது, கட்டிய வரி திரும்பி வராது. கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தக்காரர் இதே மூன்று தாளையும் வரி இல்லாத விலையில் ஒப்பிடுவார். வரிசையே அவருக்கு மாறி வரலாம்.

அம்பைக் கடை ஒரு கம்பிக்கு இவ்வளவு என்று விலை போட்டிருந்தது. 8 எம்.எம். 190 கம்பி 308 ரூபாய் வீதம், 12 எம்.எம். 113 கம்பி 677 வீதம், 16 எம்.எம். 32 கம்பி 1,204 வீதம், வரி உள்பட, இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு. இதைக் கிலோவுக்கு மாற்றக் கொத்தனார்களுக்கும் தெரிந்த ஒரு வாய்பாடு இருக்கிறது. கம்பியின் எம்.எம். அளவை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். முழுக் கம்பி 12 மீட்டர். அப்படிப் பார்த்தால் 8 எம்.எம். கம்பி 4.74 கிலோ, 12 எம்.எம். 10.67, 16 எம்.எம். 18.96. அம்பைக் கடைக்காரர் கம்பி எண்ணிக்கையும் இதே கணக்கில்தான் போட்டிருந்தார். மொத்தம் 2,713 கிலோ, எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோ 63.97. திருநெல்வேலி 64.67, தென்காசி 65.56. அம்பைதான் மலிவு என்று கமிட்டிக்கு எழுதியும் விட்டேன்.

அப்புறம் எங்கள் இன்ஜினியர் ஒரே கேள்வி கேட்டார்: "கம்பியை எடை போட்டுப் பாத்தீங்களா?"

162 வாய்பாடு தருவது ஏட்டு எடை. கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786, ஏட்டு எடையில் இருந்து கொஞ்சம் கூடவோ குறையவோ இடம் கொடுக்கிறது. 10 எம்.எம். வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 எம்.எம். வரை 5 சதவீதம். கிலோவுக்கு வாங்கினால் தராசு இதைப் பார்த்துக்கொள்ளும். எண்ணி வாங்கும்போது கம்பி லேசாக இருந்தால் இந்த இடைவெளி முழுவதும் விற்பவர் பக்கம் சாயும்.

அம்பைக் கடைக்கு நானே போனேன். கடை அண்ணாச்சி கோபப்படவில்லை. "போட்டுப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, நம்மகிட்ட ஒளிவுமறைவு இல்ல" என்று கடைப் பையனை விட்டு ஒவ்வொரு அளவிலும் ஒரு கம்பி எடுத்துப் போடச் சொன்னார். நீளத்தை டேப்பில் பார்த்தோம், 12 மீட்டர் சரியாக இருந்தது. எடை 8 எம்.எம். 4.50 கிலோ, 12 எம்.எம். 10.45, 16 எம்.எம். 18.90. தர நிர்ணயம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் எல்லாம் இருக்கிறது, ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த எடையில் மொத்தம் 2,641 கிலோதான் வரும். கிலோ 65.72. மூன்றில் மலிவாக இருந்த கடை மூன்றிலும் விலை கூடின கடையாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தளத்துக்குக் கம்பி கட்டுகிறவர் நீளத்தைத்தான் பார்ப்பார், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று. அந்தக் கணக்கில் லேசான கம்பியை எண்ணி வாங்கினாலும் வேலை முடிந்துவிடும், இரும்பு மட்டும் கொஞ்சம் குறைவாக உள்ளே போகும். கிலோவுக்கு விற்கும் கடையில் கம்பி ஏட்டு எடையைவிடக் கனமாக இருந்தால், 2,700 கிலோவுக்கு நீளம் குறைந்து, கடைசியில் நாலு கம்பி போதாமல் போகும். எனவே மற்ற இரண்டு கடையிலும் ஒரு கம்பியை எடை போட்டோம். ஏட்டு எடையை ஒட்டியே இருந்தது. ஒரு கம்பியை வைத்து முழு லோடையும் தீர்மானிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றையாவது எடை போட்டுப் பார்த்தது வீண் போகவில்லை.

ரகத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. தென்காசித் தாளின் பின்பக்கம் எஃப்.இ. 550 என்று எழுதியிருந்தது. எண் பெரிதாக இருப்பதால் இது உசத்தி என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். இன்ஜினியர் கேட்டது 500டி. அந்த 'டி' கம்பி இழுபட்டு நீளும் தன்மையைக் குறிக்கிறது. தர நிர்ணயப்படி 500டி அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும், 550-க்கு 10 சதவீதம் போதும். இரண்டும் வேறு பொருள், ஒரே வரியில் வைத்து விலை பார்க்கக் கூடாது. அம்பைக் கடையோ கம்பெனிப் பெயரை மட்டும் எழுதியிருந்தது, ரகம் "எழுதவில்லை". தென்காசிக்குப் போன் செய்ததில், 500டி இருக்கிறது, அதே விலைதான் என்றார்கள். வாய்ச்சொல்லாக விடாமல் தாளில் திருத்தி எழுதி வாங்கி, அதையும் படம் எடுத்துக்கொண்டோம்.

தேதிக்கு வருவோம். கமிட்டிக் கூட்டம் ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலிப் படம் எனக்கு வந்தது 6-ம் தேதி. ஆனால் தாளில் இருந்த தேதி 4. மூன்று நாள் அந்தத் தேதியில் இருந்துதான், வாட்ஸ்அப் காட்டும் தேதியில் இருந்து அல்ல. கூட்டம் கூடுவதற்கு முன்பே அது காலாவதி. போதாக்குறைக்குப் பொடி எழுத்தில் 'சரக்கு ஏற்றும் நாளின் விலையே பொருந்தும்' என்றும் இருந்தது. அப்படி ஒரு வரி இருந்தால் அந்த மூன்று நாளுக்கும் பொருள் இல்லை. கம்பி விலை அடிக்கடி மாறும் சரக்கு என்பதால் இந்த வரியைப் பல கடைகள் போடுகின்றன. அட்டவணையில் எத்தனை நாள் செல்லும் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'விலை உறுதியா' என்று இன்னொரு கட்டம் சேர்த்தோம். அம்பைக் கடை தேதி மட்டும் போட்டு நாளை எழுதவில்லை. கேட்டதற்கு "அடுத்த லோடு வர்ற வரைக்கும் தாரேன்" என்றார். லோடு எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. தென்காசித் தாள் ஆகஸ்ட் 6, 7 நாள், விலை உறுதி. 6-ம் தேதியையும் சேர்த்து எண்ணினால் 12, சேர்க்காவிட்டால் 13. நாங்கள் 12 என்றே எழுதிவைத்தோம்.

கூட்டத்தில் தலைவர் அண்ணாச்சி "ஆடி கழியட்டும், ஆவணி பொறந்ததும் கம்பிய எறக்குவோம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை, ஊர் வழக்கம். ஆவணி பிறக்கும்போது மூன்று கொட்டேஷனில் ஒன்றுகூட உயிரோடு இருக்கும் என்ற உறுதி இல்லை. 11-ம் தேதி திருநெல்வேலிக் கடையில் புது விலை கேட்டேன். கிலோவுக்கு 80 பைசா ஏறியிருந்தது. அதே கணக்கில் போட்டால் மொத்தம் 1,77,156. தென்காசியின் 1,77,024 இப்போது அதைவிட 132 ரூபாய் கீழே. அந்த 132 ஒரு வித்தியாசமே இல்லை. ஒரு பக்கம் முழு முன்பணம், லாரி நம் தலையில். இன்னொரு பக்கம் இடத்துக்கே சரக்கு, 15 நாள் தவணை. அதை வைத்துத்தான் தென்காசி என்று முடிவானது. 12-ம் தேதி காலையில் 10,000 ரூபாய் முன்பணத்தோடு எழுத்தில் ஆர்டர் கொடுத்தோம். விலை அன்றைக்குள்ளதே, சரக்கு ஆவணி முதல் வாரத்தில், 15 நாள் சரக்கு இறங்கிய நாளில் இருந்து. இந்த மூன்றையும் ஆர்டரிலேயே எழுதினோம்.

லாரி வந்த அன்று எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம், சரக்கோடு ஒரு தடவை, இறக்கிய பிறகு வெறும் வண்டியாக ஒரு தடவை. நிகர எடை 2,670 கிலோ, பில்லில் 2,700. எந்த அளவுக் கம்பியில் 30 கிலோ குறைந்தது என்பது அந்தச் சீட்டில் இருந்து தெரியாது. கடைக்காரரிடம் போனில் சொன்னேன். சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். டன் 53,800 கணக்கில் வரியோடு 1,905 ரூபாயைக் கழித்துப் புது பில் அனுப்பினார்.